இது யாருடைய கை? – உடல் உரிமையுணர்வை மூளை கட்டும் விதம்

கண்ணை மூடியிருக்கும் ஒருவருக்கும் தம் இடக்கை எங்கே இருக்கிறது என்பது தெரியும். அது தம்முடைய கைதான் என்பதிலும் ஐயம் எழுவதில்லை. மேசையில் கிடக்கும் பேனாவைப் பற்றி ‘இது என்னுடையதா?’ என்று கேட்கலாம். கையைப் பற்றி யாரும் அப்படிக் கேட்பதில்லை. கேள்விக்கே இடமில்லாத இந்த உணர்வுதான் உடல் உரிமையுணர்வு எனப்படுகிறது. இது பிறவியிலேயே நிலைத்துவிட்ட ஒன்று என்று நெடுங்காலம் கருதப்பட்டது. மூளை நொடிதோறும் புலன்களின் சாட்சியத்தை எடைபோட்டு இதைப் புதிதாக முடிவு செய்கிறது என்பதைக் கடந்த கால் நூற்றாண்டு ஆய்வுகள் காட்டியுள்ளன. அந்த ஆய்வுகள் பெரும்பாலும் ஒரே ஒரு எளிய சோதனையிலிருந்து கிளைத்தவை. அதன் பெயர் ரப்பர் கை மாயை.

மூன்று வழிச் செய்திகள்

கையைப் பற்றிய செய்திகள் மூளைக்கு முதன்மையாக மூன்று வழிகளில் வருகின்றன. முதலாவது தொடுவுணர்வு. தோலில் உள்ள உணர்வேற்பிகள் எந்த இடத்தில், எப்போது, எவ்வளவு அழுத்தமாகத் தொடுதல் நேர்ந்தது என்பதைச் சொல்கின்றன. இரண்டாவது உடல்நிலை உணர்வு. தசைகளுக்குள் இருக்கும் நுண்ணிய உணர்வேற்பிகள் தசை எவ்வளவு நீண்டிருக்கிறது என்பதை அளக்கின்றன. மூட்டுகளிலிருந்தும் தோலின் இழுபடுதலிலிருந்தும் வரும் செய்திகள் இதனோடு சேர்கின்றன. கண்ணை மூடியும் மூக்கின் நுனியை விரலால் தொட முடிவது இதனால்தான். மூன்றாவது பார்வை.

இந்த மூன்றும் வெவ்வேறு அளவுகோல்களில் பேசுகின்றன. தோல் சொல்வது ‘ஆள்காட்டி விரலின் மேற்புறம்’ என்பதை. அந்த விரல் அறையில் எங்கே இருக்கிறது என்பது தோலுக்குத் தெரியாது. தசை சொல்வது முழங்கையும் மணிக்கட்டும் எவ்வளவு மடங்கியுள்ளன என்பதை. கண் சொல்வது விழித்திரையில் பிம்பம் எங்கே விழுகிறது என்பதை. தலையோ விழியோ திரும்பினால் அந்த இடமும் மாறிவிடும். இவற்றை ஒரே வெளியில் பொருத்தி, ‘இங்கே இருக்கும் இந்தக் கையில் இப்போது தொடுகிறார்கள்’ என்ற ஒற்றை அனுபவமாக ஆக்குவதே பல்புலன் ஒருங்கிணைப்பு. வழக்கமான வாழ்வில் மூன்று செய்திகளும் ஒத்துப்போவதால் இந்த வேலை நடப்பதே கண்ணுக்குத் தெரிவதில்லை. செய்திகளைத் திட்டமிட்டு முரண்பட வைத்தால் மூளை எப்படித் தீர்ப்புச் சொல்கிறது என்பது வெளிப்படும்.

1998ஆம் ஆண்டுச் சோதனை

அந்த முரண்பாட்டை உருவாக்கும் எளிய வழியை மேத்யூ பாட்வினிக், ஜொனாதன் கோஹன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1998இல் ‘நேச்சர்’ இதழில் ஒரு சிறு கட்டுரையாக வெளியிட்டார்கள். பங்கேற்பவர் மேசை முன் அமர்ந்து இடக்கையை மேசைமீது வைக்கிறார். கைக்குப் பக்கத்தில் ஒரு தடுப்பு நிற்பதால் அவருக்குத் தம் கை தெரியாது. தடுப்புக்கு இந்தப் பக்கம், அவர் கண்ணெதிரே, உண்மைக் கையின் அளவில் ரப்பரால் ஆன ஓர் இடக்கை வைக்கப்படுகிறது. பார்வையை ரப்பர் கையிலேயே வைத்திருக்குமாறு அவரிடம் சொல்லப்படுகிறது. சோதனை செய்பவர் இரண்டு சிறிய ஓவியத் தூரிகைகளை எடுத்து, ஒன்றால் மறைந்திருக்கும் கையையும் மற்றொன்றால் ரப்பர் கையையும் வருடுகிறார். இரண்டு வருடல்களும் கூடியவரை ஒரே கணத்தில், ஒரே விரலில், ஒரே திசையில் அமைய வேண்டும்.

முதல் சோதனையில் 10 பேர் பங்கேற்றனர்; வருடல் 10 நிமிடம் நீடித்தது. அதன்பின் அவர்களிடம் ஒன்பது கூற்றுகள் கொண்ட வினாத்தாள் தரப்பட்டது. ரப்பர் கையில் தெரிந்த தூரிகையே தொடுவதுபோல இருந்ததா, தொடுதல் ரப்பர் கை இருந்த இடத்தில் உணரப்பட்டதா, ரப்பர் கை தம்முடைய கைபோலவே தோன்றியதா என்ற மூன்று கூற்றுகளுக்கும் அழுத்தமான உடன்பாடு கிடைத்தது. அது ரப்பர் என்பது அவர்களுக்கு முழுதும் தெரியும். தெரிந்திருந்தும் உணர்வு மாறியது. இதனால்தான் இது மாயை என்று சொல்லப்படுகிறதே தவிர, தவறான நம்பிக்கை என்று சொல்லப்படுவதில்லை.

வாய்மொழி மட்டும் போதாது என்பதால் ஆய்வாளர்கள் இன்னொரு அளவையும் எடுத்தார்கள். இரண்டாம் சோதனையில், வருடலுக்கு முன்னும் பின்னும், பங்கேற்பவர் கண்ணை மூடிக்கொண்டு, வலக்கை விரலை மேசைக்கடியில் ஒரு நேர்விளிம்பை ஒட்டி நகர்த்தி, இடக்கை ஆள்காட்டி விரலுக்கு நேர் கீழே வந்துவிட்டதாகத் தோன்றும் இடத்தில் நிறுத்த வேண்டும். வருடலுக்குப் பிறகு விரல் நின்ற இடம் ரப்பர் கையின் பக்கமாகத் தள்ளிப்போயிருந்தது. மாயையை நெடுநேரம் உணர்ந்ததாகச் சொன்னவர்களிடம் இந்தத் தள்ளல் கூடுதலாக இருந்தது. ஒரு கையை முந்தியும் மறு கையைப் பிந்தியும் வருடிய ஒப்பீட்டுக் குழுவில் மாயையும் தள்ளலும் குறைவு. கையின் உணரப்பட்ட இடம் இவ்வாறு பெயர்வதை ‘இடப்பெயர்வு’ என்று இங்கே குறிப்பிடலாம்.

மாயை எப்போது உடையும்

எந்த நிபந்தனையை மாற்றினால் மாயை உடைகிறது என்று பார்ப்பதே மூளையின் கணக்கைப் படிக்கச் சிறந்த வழி. பின்வந்த ஆய்வுகள் நான்கு நிபந்தனைகளை அடையாளம் கண்டன.

முதலாவது நேரம். காணும் தொடுதலுக்கும் உணரும் தொடுதலுக்கும் இடையே நொடியில் பத்தில் மூன்று பங்குவரை, அதாவது 300 மில்லிநொடிவரை, இடைவெளி இருந்தாலும் மாயை ஓரளவு தாக்குப்பிடிக்கிறது. அதற்கு மேல் போனால் விரைவாகத் தளர்கிறது. இரண்டாவது தொலைவு. ரப்பர் கையை உண்மைக் கையிலிருந்து தள்ளித்தள்ளி வைத்துப் பார்த்த டோனா லாய்டின் 2007ஆம் ஆண்டு ஆய்வில், ஏறத்தாழ 30 செ.மீ.க்கு மேல் மாயை சட்டென வலுவிழந்தது. மூன்றாவது கிடக்கும் வாகு. ரப்பர் கையை 90 பாகை திருப்பி, தோளிலிருந்து அப்படி நீள முடியாத நிலையில் வைத்தால் மாயை எழுவதில்லை. நான்காவது உருவம். மனோஸ் சகிரிஸ், பேட்ரிக் ஹகார்ட் இருவரும் 2005இல் ரப்பர் கைக்குப் பதிலாக மரக்குச்சி ஒன்றை வைத்து அதே வேகத்தில் வருடினார்கள். நேரம் பொருந்தியும் இடப்பெயர்வு எழவில்லை.

உருவ நிபந்தனையில் மட்டும் சிறு கருத்து வேறுபாடு உண்டு. தமிழ்நாட்டில் பிறந்து அமெரிக்காவின் சான் டியேகோவில் பணியாற்றிய நரம்பியல் அறிஞர் வி.எஸ். ராமச்சந்திரன், காரி ஆர்மெல் என்பவருடன் 2003இல் வெளியிட்ட ஆய்வில், மறைந்த கையோடு வெறும் மேசைப்பரப்பை ஒருசேர வருடியபோதும் சிலர் மேசையில் தொடுதலை உணர்ந்ததாகச் சொன்னார்கள். ஆனால் ரப்பர் கையின் விளைவு மேசையின் விளைவைவிட வலுவாகவே இருந்தது. ஆகவே நேரப்பொருத்தம் முதன்மையான சான்று. ஆனால் அதுமட்டும் தனியாக நின்று தீர்ப்பை முடித்துவிடுவதில்லை. கை எப்படி இருக்கும், உடலோடு எப்படி இணைந்திருக்கும் என்ற முன்னறிவையும் மூளை கணக்கில் சேர்க்கிறது.

எடைபோடும் கணக்கு

பார்வையும் உடல்நிலை உணர்வும் கையின் இடத்தைப் பற்றி வெவ்வேறாகச் சொன்னால் மூளை எதை நம்புகிறது? எது துல்லியமோ அதற்குக் கூடுதல் எடை என்பதே பொதுவிதி. மார்க் எர்ன்ஸ்ட், மார்ட்டின் பேங்க்ஸ் இருவரும் 2002இல் பார்வையையும் தொடுதலையும் வைத்து இதை அளந்து காட்டினார்கள். கண்ணால் பார்த்தும் கையால் பிடித்தும் ஒரு பொருளின் உயரத்தை மதிப்பிடச் சொன்னபோது பார்வையே ஓங்கி நின்றது. காட்சியில் வேண்டுமென்றே கலக்கத்தைக் கூட்டியபோது தொடுதலின் எடை ஏறியது. ஏறிய அளவும் புள்ளியியல் விதி சொல்வதோடு பொருந்தியது.

ரப்பர் கைக்கு இந்த விதியைப் போட்டுப் பார்க்கலாம். கீழே உள்ள எண்கள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை. ரப்பர் கை உண்மைக் கையிலிருந்து 15 செ.மீ. தள்ளி இருக்கிறது. பார்வையின் பிழை, திட்ட விலக்கமாக, 1 செ.மீ.; உடல்நிலை உணர்வின் பிழை 2 செ.மீ. எடை என்பது பிழையின் வர்க்கத்துக்குத் தலைகீழ் விகிதத்தில் அமையும். பிழைகளின் வர்க்கம் 1, 4. ஆகவே பார்வைக்கு ஐந்தில் நான்கு பங்கும் உடல்நிலை உணர்வுக்கு ஐந்தில் ஒரு பங்கும் கிடைக்கும். இரண்டையும் முழுமையாகக் கலந்தால், கை 15 செ.மீ.யில் ஐந்தில் நான்கு பங்கு, அதாவது 12 செ.மீ., ரப்பர் கையின் பக்கம் நகர்ந்ததாக உணரப்பட வேண்டும்.

சோதனைகளில் அப்படி நடப்பதில்லை. அளக்கப்படும் இடப்பெயர்வு பெரும்பாலும் ஒருசில செ.மீ. மட்டுமே. இந்த இடைவெளி ஒரு முக்கியமான செய்தியைச் சொல்கிறது. கலப்பதற்கு முன் மூளை இன்னொரு கேள்வியைக் கேட்கிறது: இந்த இரண்டு செய்திகளும் ஒரே பொருளிலிருந்து வருகின்றனவா, இரண்டு வெவ்வேறு பொருள்களிலிருந்து வருகின்றனவா? ஒரே மூலம் என்றால் கலக்க வேண்டும். வெவ்வேறு மூலம் என்றால் தனித்தனியே வைத்துக்கொள்ள வேண்டும். ஐயம் இருந்தால் இரண்டு விடைகளுக்கும் அவற்றின் வாய்ப்புக்கேற்ப இடம் தர வேண்டும். மேற்கண்ட எடுத்துக்காட்டில் ஒரே மூலம் என்பதற்கு நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு என்று மூளை கணித்தால், இடப்பெயர்வு 12 செ.மீ.யில் நான்கில் ஒரு பங்கு, அதாவது 3 செ.மீ. ஆகும். காரணத்தை ஊகிக்கும் இந்தக் கணக்குமுறைதான் இன்று உடல் உரிமையுணர்வுக்கு முன்வைக்கப்படும் வலுவான விளக்கம்.

மேலே பார்த்த நிபந்தனைகளின் பொருளும் இப்போது விளங்கும். தொடுதல்கள் ஒரே கணத்தில், ஒழுங்கற்ற இடைவெளிகளில் திரும்பத்திரும்ப ஒத்துப்போவது தற்செயலாக நிகழ்வது அரிது. ஆகவே அது ஒரே மூலத்துக்கு ஆதரவான சான்று. தொலைவும் பொருந்தாத வாகும் மர உருவமும் எதிர்ச்சான்றுகள். எடை எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் உணர்வும் சாய்கிறது.

இந்த விளக்கத்தை நேரடியாகச் சோதித்தது மேரி ஷான்செல், ஹென்ரிக் எர்சன், வெய் ஜி மா ஆகியோர் 2022இல் வெளியிட்ட ஆய்வு. தூரிகை பிடித்த மனிதக் கைக்குப் பதிலாக இயந்திரக் கைகள் தொடுதலைத் தந்தன. அதனால் நேர இடைவெளியை மில்லிநொடிக் கணக்கில் கட்டுப்படுத்த முடிந்தது. ஒவ்வொரு தடவையும் ‘ரப்பர் கை என் கைபோல இருந்தது’ என்பதற்கு ஆம், இல்லை என்று மட்டும் பதில் சொல்ல வேண்டும். சிறப்புக் கண்ணாடி வழியே காட்சியில் இரைச்சலும் சேர்க்கப்பட்டது. இரைச்சல் கூடக்கூட, பங்கேற்றவர்கள் பெரிய நேர இடைவெளியையும் பொறுத்துக்கொண்டு ‘ஆம்’ என்றார்கள். கண் சரியாகத் தெரியாதபோது, காணும் நேரப்பிசகைக் கண்ணின் குறையாகவே கொள்ளலாம். அது இரண்டு மூலங்கள் இருப்பதற்கான சான்றாகாது. ஒரு நிலையான நேர எல்லையை வைத்து மூளை தீர்ப்பளிக்கிறது என்ற எளிய விளக்கத்தைவிட, காரணத்தை ஊகிக்கும் கணக்கே இந்த முடிவுகளோடு நன்றாகப் பொருந்தியது.

மூளையில் எங்கே

இந்தக் கணக்கு நடக்கும் இடங்களைப் பற்றிய முதல் தடயங்கள் குரங்குகளிடமிருந்து கிடைத்தன. மைக்கேல் கிராசியானோவும் உடன் ஆய்வாளர்களும் 1990களில், முன்னியக்கப் புறணி என்னும் பகுதியில் தொடுதலுக்கும் பார்வைக்கும் ஒருங்கே துடிக்கும் நரம்பணுக்களை ஆராய்ந்தார்கள். அப்படிப்பட்ட ஒரு நரம்பணு குரங்கின் கையைத் தொட்டால் துடிக்கும்; அந்தக் கைக்கு அருகே ஒரு பொருள் வந்தாலும் துடிக்கும். கையை வேறிடத்துக்கு நகர்த்தினால் அதன் காட்சிப் புலமும் கையோடு சேர்ந்து நகரும். குரங்கு எங்கே பார்க்கிறது என்பதைவிடக் கை எங்கே இருக்கிறது என்பதே அந்த நரம்பணுவுக்கு முக்கியம்.

2000ஆம் ஆண்டில் அதே குழு உச்சி மடலின் ஒரு பகுதியில் இன்னொன்றைக் கண்டது. குரங்கின் கையை மறைத்துவிட்டு, மேலே உண்மைபோன்ற போலிக் கையை வைத்தபோது, அங்குள்ள சில நரம்பணுக்கள் போலிக் கை இருந்த இடத்துக்கேற்பத் தம் துடிப்பை மாற்றின. எதிர்ப்பக்கக் கையின் உருவை வைத்தால் அந்த மாற்றம் இல்லை.

மனிதரிடத்தில் எர்சன், சார்ல்ஸ் ஸ்பென்ஸ், ரிச்சர்ட் பாசிங்கம் மூவரும் 2004இல் எஃப்.எம்.ஆர்.ஐ. கருவிக்குள்ளேயே ரப்பர் கை மாயையை உண்டாக்கினார்கள். மாயை தொடங்கச் சராசரியாக 11 நொடியளவே ஆயிற்று. ஒருசேர வருடல், பொருந்திய வாகு இரண்டும் சேர்ந்தபோது மட்டும் முன்னியக்கப் புறணியின் கீழ்ப்பகுதியில் செயல்பாடு உயர்ந்தது. மாயையை வலுவாக உணர்ந்தவர்களிடம் அது கூடுதலாக இருந்தது. உச்சி மடலின் மடிப்புக்குள் உள்ள பகுதியும் உடன் இயங்கியது. தொடுதல் முதலில் வந்து சேரும் உடலுணர்வுப் புறணியும், காட்சி முதலில் வந்து சேரும் பிடரி மடலும் மட்டும் இந்த முடிவுக்குப் போதா. அவற்றின் செய்திகள் சந்திக்கும் உச்சி மடலும் முன்னியக்கப் புறணியும் இணைந்து இயங்க வேண்டியிருக்கிறது.

அளவீட்டின் சிக்கல்கள்

மாயை உண்மையில் ஏற்பட்டது என்பதை எப்படி உறுதி செய்வது? மூன்று அளவுகள் வழக்கில் உள்ளன: வினாத்தாள், இடப்பெயர்வு, அச்சுறுத்தலுக்குத் தோல் காட்டும் மின்கடத்து மாற்றம். மூன்றாவதைப் பயன்படுத்திக் காட்டியவர்கள் ஆர்மெலும் ராமச்சந்திரனும். மாயை நிலவும்போது ரப்பர் விரலைப் பின்பக்கமாக வளைத்தால், உண்மை விரலுக்கு ஒன்றும் ஆகாதபோதும் பங்கேற்பவரின் தோலில் வியர்வை சற்றே கூடி, மின்கடத்து திறன் உயர்கிறது.

மூன்று அளவுகளும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. மாரிகே ரோடே, மாசிமிலியானோ டி லூகா, எர்ன்ஸ்ட் ஆகியோர் 2011இல், வருடல் எதுவுமின்றி ரப்பர் கையை வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தாலே இடப்பெயர்வு ஏற்படுவதைக் காட்டினார்கள். உரிமையுணர்வு அப்போது எழவில்லை. ஆகவே இடப்பெயர்வை மட்டும் அளந்துவிட்டு ‘உரிமையுணர்வை அளந்தோம்’ என்று சொல்வது பிழை. கையின் இடத்தைக் கணிப்பதும் கையைத் தன்னதாகக் கொள்வதும் தொடர்புடைய இரண்டு தனி வேலைகள்.

இதைவிடக் கடினமான கேள்வியை பீட்டர் லஷ் 2020இல் எழுப்பினார். சோதனையின் விவரத்தைப் படித்தவர்கள், தாம் பங்கேற்காமலேயே, ஒருசேர வருடினால் மாயை கூடும், முன்பின்னாக வருடினால் குறையும் என்று சரியாக எதிர்பார்க்கிறார்கள். அப்படியானால் முன்பின் வருடலை ஒப்பீடாக வைத்தாலும் எதிர்பார்ப்பின் தாக்கம் நீங்கிவிடாது. 300க்கும் மேற்பட்டவர்களை வைத்து அவரும் உடன் ஆய்வாளர்களும் செய்த மற்றோர் ஆய்வில், மனவசியத்தில் சொல்லுக்கேற்ப உணரும் திறன் மிக்கவர்கள் ரப்பர் கை மாயையையும் வலுவாக உணர்ந்தார்கள். இந்த முடிவை எர்சன் உள்ளிட்டோர் மறுத்தார்கள். ஒருசேர வருடலுக்கும் முன்பின் வருடலுக்கும் இடையிலான வேறுபாட்டை மனவசியத் திறன் சரிவர விளக்குவதில்லை என்பது அவர்கள் வாதம்.

இந்த விவாதத்தால் சோதனை முறைகள் கூர்மையடைந்தன. மில்லிநொடி அளவில் நேர இடைவெளியைச் சிறிதுசிறிதாக மாற்றும்போது, எந்த இடைவெளிக்கு எந்தப் பதிலை ஆய்வாளர் எதிர்பார்க்கிறார் என்பதைப் பங்கேற்பவரால் ஊகிப்பது கடினம். எதிர்பார்ப்பிலிருந்து புலன்கணக்கைப் பிரித்தெடுக்க இன்று கிடைக்கும் நல்ல வழி இதுவே.

உரிமை இழத்தலும் மீட்டலும்

சோதனைச்சாலைக்கு வெளியே இந்தக் கணக்கு நோயால் சிதைவதுண்டு. மூளையின் வலப்பாதியில் பக்கவாதம் தாக்கிய சிலர், செயலிழந்த தம் இடக்கையைத் தம்முடையதல்ல என்று உறுதியாகச் சொல்கிறார்கள். வேறொருவர் கை என்றும் கூறுகிறார்கள். கை தோளோடு இணைந்திருப்பதைக் காட்டினாலும் அவர்கள் ஏற்பதில்லை. ரப்பர் கை சோதனையில் அறிவு மறுக்க உணர்வு ஏற்கிறது. இங்கே உணர்வின் இழப்பு அறிவையும் தன் வழிக்கு இழுத்துவிடுகிறது.

மறுபுறம், கையை இழந்தவர்களிடம் இந்தக் கணக்கு பயன்படுகிறது. எர்சன் குழுவினர் 2008இல் முன்கையோ மேற்கையோ துண்டிக்கப்பட்ட 18 பேரிடம் சோதனை நடத்தினார்கள். எஞ்சிய கைப்பகுதியின் நுனியைத் தொட்டால் இல்லாத விரலில் தொடுவதுபோல உணர்வது இவர்களில் பலருக்கு உண்டு. மறைவாக அந்த நுனியையும் கண்ணெதிரே ரப்பர் கையின் விரலையும் ஒருசேர வருடியபோது, ரப்பர் விரலிலேயே தொடுதலை உணர்ந்ததாகவும் அது தம் கைபோல இருந்ததாகவும் பலர் தெரிவித்தனர்.

செயற்கைக் கை செய்பவர்களுக்கு இதிலிருந்து கிடைக்கும் வழிகாட்டல் தெளிவானது. பார்க்க உண்மைபோல் இருப்பது மட்டும் ஒரு செயற்கைக் கையைச் சொந்தக் கையாக்கிவிடாது. அது ஒரு பொருளைத் தொடும் கணத்திலேயே, நொடியில் பத்தில் மூன்று பங்கு தாமதத்தைத் தாண்டாமல், அணிந்திருப்பவரின் தோலுக்கோ நரம்புக்கோ அந்தத் தொடுதல் போய்ச் சேர வேண்டும். தோற்றத்துக்குச் செலவிடும் உழைப்பில் ஒரு பங்கையாவது இந்த நேரப்பொருத்தத்துக்குச் செலவிடுவதே அறிவுடைமை.